வழக்கத்தை மீறி வழக்கத்தை அறிதல்: மதுரை வட்டார உரையாடலிலும் வரிசையிலும் மறைந்துள்ள எதிர்பார்ப்புகள்

ஆய்வுச் சுருக்கம்

அன்றாட வாழ்வின் ஒழுங்கைத் தாங்கி நிற்கும் எதிர்பார்ப்புகள் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அவற்றை வெளிக்கொணர ஹெரால்டு கார்ஃபிங்கல் கையாண்ட விதிமீறல் சோதனைகளை இக்கட்டுரை விளக்குகிறது. மதுரை வட்டாரத்தின் நலவிசாரிப்பு உரையாடலும் நியாயவிலைக் கடை வரிசையும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஓரிடத்தில் எது மீறல் என்பதை அவ்விடத்து மக்களின் வழிமுறைகளே தீர்மானிக்கின்றன என்பதும், மீறியவர் யார் என்பதைப் பொறுத்து மீறலுக்குக் கிடைக்கும் எதிர்வினை வேறுபடுகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மக்கள் வழிமுறையியல், விதிமீறல் சோதனை, பின்னணி எதிர்பார்ப்பு, வரிசை, நலவிசாரிப்பு, மதுரை.

முன்னுரை

1954ஆம் ஆண்டளவில் அமெரிக்க நடுவர் குழுவினரின் கலந்தாய்வுகளை ஆராய்ந்தபோது கார்ஃபிங்கல் ஒன்றைக் கவனித்தார். சட்டம் பயிலாத அந்நடுவர்கள், எது சான்று, எது வெறும் கருத்து, எது போதுமான காரணம் என்பவற்றைத் தமக்குள் பேசியே முடிவு செய்தனர். அதற்கான வழிமுறை அவர்களிடமே இருந்தது. மக்கள் தம் நடைமுறை வாழ்வைப் பிறருக்கு விளங்கும்படி அமைத்துக்கொள்ளும் இத்தகைய வழிமுறைகளை ஆராயும் துறைக்கு அவர் எத்னோமெத்தடாலஜி என்று பெயரிட்டார். இக்கட்டுரையில் அது மக்கள் வழிமுறையியல் எனப்படுகிறது. இத்துறையின் அடிப்படை நூலாகிய அவருடைய கட்டுரைத் தொகுப்பு 1967இல் வெளிவந்தது.

இத்துறை எதிர்கொண்ட முதற்சிக்கல், ஆராய வேண்டிய பொருள் கண்ணில் படாமையே ஆகும். எல்லாம் சீராக நடக்கும்போது ஒழுங்கு தெரிவதில்லை. எனவே கார்ஃபிங்கல், ஓர் இயல்பான சூழலை எடுத்துக்கொண்டு, அதைக் குலைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். குலைவு நேர்ந்ததும் மக்கள் அதைச் சரிசெய்ய முயல்வர். அம்முயற்சியில்தான் அதுவரை சொல்லப்படாதிருந்த எதிர்பார்ப்பு சொல் வடிவம் பெறுகிறது. ஆகவே விதிமீறல் சோதனையின் தரவு மீறல் அன்று. மீறலுக்குப் பின் நிகழும் செப்பனிடலே தரவாகும்.

1. நலவிசாரிப்பும் அதன் குலைவும்

கார்ஃபிங்கல் தம் மாணவர்களிடம், நண்பர் அல்லது உறவினருடன் பேசும்போது அவர் கூறும் மிக எளிய சொல்லுக்கும் பொருள் விளக்கம் கேட்கும்படி சொன்னார். வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது என்று சொன்னவரிடம், அதற்கு என்ன பொருள் என்று கேட்கப்பட்டது. நலம் விசாரித்தவரிடம், உடல்நலத்தைப் பற்றியா, பணநிலையைப் பற்றியா, மனநிலையைப் பற்றியா என்று திருப்பிக் கேட்கப்பட்டது. கேட்கப்பட்டவர்கள் விளக்கம் தர முயலவில்லை, சினந்தனர்.

இதனை மதுரைச் சூழலில் பொருத்திப் பார்க்கலாம். இங்கு ஒருவரைக் காணும்போது முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதே. அதற்கு ஒருவர் இவ்வாறு மறுமொழி தருவதாகக் கொள்வோம்: ‘எதைக் கேக்குறீங்க? காலைச் சாப்பாடா, மத்தியானச் சாப்பாடா? வயிறு நெறஞ்சுச்சான்னு கேக்குறீங்களா?’ கேட்டவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பதில் சொல்லமாட்டார். ‘ஏன், என்னாச்சு? எதும் கோவமா?’ என்றே கேட்பார்.

இச்சிறு நிகழ்வில் இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, கேட்டவரிடம் தம் கேள்விக்குரிய திட்டவட்டமான பொருள் எதுவும் முன்கூட்டி இருக்கவில்லை. அக்கேள்வி தெருவில் வணக்கமாகவும், நண்பகலில் வீட்டு வாசலில் அழைப்பாகவும், நோயுற்றவரிடம் அக்கறையாகவும் பொருள்படும். எப்பொருள் என்பதைக் கேட்பவர் சூழலிலிருந்து நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கையே அங்கு இயங்குகிறது. இரண்டாவது, அந்நம்பிக்கை பொய்த்ததும் உரையாடல் சொற்பொருளை விட்டுவிட்டு உறவுக்குத் தாவுகிறது. ‘கோவமா?’ என்னும் வினா, விளக்கம் கேட்பதையே ஒரு செயலாகக் கருதி அதற்குக் காரணம் தேடுகிறது.

செப்பும் வினாவும் வழுவாமல் அமைய வேண்டும் என்பதைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வற்புறுத்துகிறது. விடைகளை எட்டாக வகுத்த நன்னூலார், வினாவுக்கு எதிர்வினாவாக வருவதையும் ஒரு விடையாகவே ஏற்றார். ‘வருவாயா?’ என்றவரிடம் ‘வராமல் இருப்பேனா?’ என்பது உடன்பாட்டைக் குறிப்பால் உணர்த்துகிறது. ‘சாப்பிட வர்றியா?’ என்றதற்கு ‘வயிறு சரியில்ல’ என்பது உற்றது உரைத்தலாய் மறுப்பாகிறது. குறிப்பாகப் பொருள் தரும் இவ்விடைகள் அனைத்தும், கேட்டவர் விடுபட்டதை நிரப்பிக்கொள்வார் என்பதை அடிப்படையாகக் கொண்டவை. கார்ஃபிங்கலின் மாணவர் எழுப்பியதும் எதிர்வினாவே. ஆயினும் அது பொருளை நிரப்ப மறுக்கும் எதிர்வினா. இலக்கணத்தால் வழுவற்ற அவ்வினா உரையாடலில் வழுவாகிறது. இலக்கண மரபு விடையின் வகைகளைக் காட்டுகிறது. விதிமீறல் சோதனையோ அவ்வகைகள் செயற்படுவதற்கு வேண்டிய நம்பிக்கையைக் காட்டுகிறது.

2. வரிசை: நியூயார்க் சோதனையும் அதன் எல்லையும்

வரிசை பற்றிய புகழ்பெற்ற சோதனை, சமூக உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் உடன் ஆய்வாளர்களும் நியூயார்க்கில் நடத்தியது. அதன் முடிவுகள் 1986இல் வெளிவந்தன. பயணச்சீட்டுக் கூடங்கள் போன்ற இடங்களில் 129 வரிசைகளில், மூன்றாம் நான்காம் ஆள்களுக்கிடையே ஒருவர் நுழைந்து நின்றார். யாரேனும் வெளியேறச் சொன்னால் வெளியேறினார். இல்லையேல் ஒரு நிமிடம் நின்றபின் விலகினார். ஒருவர் மட்டும் நுழைந்தபோது ஏறத்தாழ 54 விழுக்காட்டு வரிசைகளில் எதிர்ப்பு எழுந்தது. இருவர் நுழைந்தபோது அது 91 விழுக்காடாயிற்று. ஆனால் நுழைந்த ஒருவருக்குப் பின்னால் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த இருவர் பேசாமல் நின்றபோது எதிர்ப்பு 5 விழுக்காடாகக் குறைந்தது. இழப்பு பின்னால் நிற்கும் அனைவருக்கும் சமம். இருப்பினும் தட்டிக்கேட்கும் பொறுப்பு, நுழைந்தவருக்கு நேர்பின்னால் நிற்பவருடையது என்று பிறர் கருதினர். அவர் வாய் திறவாதபோது ஏனையோரும் பேசவில்லை.

மில்கிராம் எதிர்ப்புகளை எண்ணினார். மக்கள் வழிமுறையியலாளர் அவ்வெண்ணிக்கைக்கு முற்பட்ட ஒரு வினாவை எழுப்புவர்: ஒருவர் ‘நுழைந்தார்’ என்பதை அங்கு நிற்பவர்கள் எவ்வாறு அறிகின்றனர்? மில்கிராமின் வரிசையில் இதற்கு விடை எளிது. நிற்கும் உடலே அங்கு இடம். உடலில்லாத இடம் யாருக்கும் உரியதன்று. மதுரையில் இவ்விடை போதாது.

3. பை நிற்கும் வரிசை

நியாயவிலைக் கடை திறக்கும் முன்பே வாசலில் பைகளும் கற்களும் வரிசையாக வைக்கப்பட்டிருப்பது இவ்வட்டாரத்தில் எவரும் கண்ட காட்சி. உரியவர்கள் நிழலில் அமர்ந்திருப்பர். சிலர் வீட்டுக்குச் சென்றிருப்பர். பேருந்து நிலையத்தில் சன்னல் வழியே துண்டு போட்டு இருக்கையைப் பிடிப்பதும் இவ்வகையினதே. அவ்விருக்கையில் அமரச் செல்பவரிடம் அருகிலிருப்பவர் ‘ஆள் இருக்கு’ என்பார். அங்கு ஆள் இல்லை என்பது இருவர் கண்ணுக்கும் தெரியும். இருந்தும் ‘வருவார்’ என்னாமல் ‘இருக்கு’ என நிகழ்காலத்தில் கூறுவது கருதத்தக்கது. பொருள் ஆளின் நினைவுக்குறியாக அன்றி ஆளாகவே அங்கு நிற்கிறது.

ஒரு காட்சியைப் படிப்படியாக நோக்கலாம். வரிசையில் நின்ற பெண்ணொருவர் பையை வைத்துவிட்டு, பின்னால் நிற்பவரிடம் ‘கொஞ்சம் பாத்துக்கங்கக்கா, இந்தா வந்துர்றேன்’ என்று கூறிச் செல்கிறார். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி, இருவருக்கிடையே நுழைந்து நிற்கிறார். உடலசைவை மட்டும் பார்த்தால், நியூயார்க்கில் மூன்றாம் நான்காம் ஆள்களுக்கிடையே நுழைந்தவர் செய்ததும் இவர் செய்ததும் ஒன்றே. ஆனால் இங்கு அது மீறலாகாது. இடத்தைக் காத்தவை பையும், அதற்குப் பின்னால் நின்றவரின் சாட்சியமுமே. எனவே மில்கிராமின் சோதனையை அப்படியே இங்கு நிகழ்த்துபவர், ‘இவர் முன்பே நின்றவர் போலும்’ எனப் பிறர் கருதியதால் எழுந்த அமைதியை வரிசை பற்றிய அக்கறையின்மை என்று தவறாகக் கணக்கிடக்கூடும். ‘இங்குள்ளோர் வரிசையை மதிப்பதில்லை’ என்ற முடிபு பல நேரங்களில் இவ்வாறே பிறக்கிறது.

அங்ஙனமாயின் இங்கு எது மீறல்? பையைப் பின்னுக்கு நகர்த்துவது ஒன்று. அதற்கு ‘ஆள் இருக்காங்க’ என்ற குரல் எழும். அதனினும் ஆழமான மீறல், திரும்பி வந்தவரிடம் ‘ஒங்கள நான் பாத்ததே இல்லையே’ என்று காவலர் கூறுவது. அப்போது குலைவது ஓரிடம் மட்டுமன்று. அறிமுகமற்றவரும் சாட்சியாவர் என்ற எதிர்பார்ப்பு முழுவதும் குலைகிறது.

பை எவ்வளவு நேரம் ஆளாக நிற்கும் என்பதற்கு வரையறை இல்லை. கார்ஃபிங்கல் இதைப் பொதுவான இயல்பாகவே காட்டினார்: எல்லா விதிகளும் ‘முதலியன’ என்றொரு சொல்லப்படாத வாலுடன் வருகின்றன. வரிசை கடை முகப்பை அடைந்தும் ஆள் வராவிடில் பை ஓரமாக ஒதுக்கப்படும். பின்னர் வருபவரிடம் ‘இம்புட்டு நேரம் எங்க போனீங்க?’ என்று கேட்கப்படும். ‘பிள்ளைய பள்ளிக்கூடத்துல விடப் போனேன்’ என்றால் இடம் மீளலாம். ‘சும்மாதான்’ என்றால் மீளாது. விதியின் எல்லை கடிகாரத்தால் அன்றி, கூறப்படும் காரணத்தால் அங்கேயே தீர்மானிக்கப்படுகிறது.

4. மீறுவோர் யார்?

கார்ஃபிங்கலின் மற்றொரு சோதனையில் மாணவர்கள் தம் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவர்போல் மிகுந்த பணிவுடன் நடந்துகொண்டனர். குடும்பத்தினர் திகைத்து, உடல்நலமில்லையா, படிப்புச் சுமையா என்று காரணம் தேடினர். நம் வீட்டில் தண்ணீர் தந்த தாயிடம் முறையாக ‘நன்றி’ கூறினாலும் ‘என்னடா ஆச்சு ஒனக்கு?’ என்ற வினாவே எழும். மீறியவர் நம்மவர் என்பதால் அவருக்காகக் காரணம் தேடித் தரப்படுகிறது.

எல்லோருக்கும் இச்சலுகை கிட்டுவதில்லை. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் புதியவரிடம் ‘எந்த ஊரு?’ என்பதைத் தொடர்ந்து ‘ஊர்ல எந்தத் தெரு?’ என்று கேட்கும்போது, பெரும்பாலும் கேட்கப்படுவது சாதியே. இருவரும் அதை அறிவர், இருவரும் சொல்வதில்லை. ‘தெரு எதுக்கு?’ என்ற எதிர்வினா அம்மறைபொருளை வெளிப்படுத்திவிடும். அதை ஆதிக்கச் சாதி மாணவர் கேட்டால் குறும்பாகக் கொள்ளப்படலாம். ஒடுக்கப்பட்ட சாதியினர் கேட்டால் ‘திமிர்’ எனப் பெயர் பெறும்; விளைவு சொல்லோடு நிற்காமலும் போகலாம். முன்னதில் காரணம் தேடப்படுகிறது. பின்னதில் தண்டனை தேடப்படுகிறது. ஆகவே செப்பனிடும் சொல்லே, மீறியவர் சமமான உறுப்பினராக ஏற்கப்பட்டாரா என்பதற்குச் சான்றாகிறது.

1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நிகழ்ந்த மீனாட்சியம்மன் கோயில் நுழைவையும் இதனின்று பிரித்துணர வேண்டும். அங்கு மீறப்பட்டது எல்லோரும் அறிந்த தடை. நோக்கம் அதை நீக்குவது. விதிமீறல் சோதனை மறைந்திருப்பதைக் காண முயல்கிறது; மாற்ற முயல்வதில்லை. எனவே பிறரை ஆபத்துக்கு உள்ளாக்க அதற்கு உரிமையில்லை.

இக்காரணத்தால், வரிசையிலும் தேநீர்க் கடையிலும் தாமாகவே நிகழும் குலைவுகளைப் பதிவுசெய்வதே இங்கு பொருத்தமான முறையாகும். முதலில் பேசியவர் யார், எச்சொல்லால் விளித்தார், எக்காரணம் ஏற்கப்பட்டது, யார் பேசாதிருந்தார் என்பவை குறிக்கப்பட வேண்டும். சோதனையாகவே செய்யும் மாணவர் தாமே முதலில் சிரித்துவிட்டால் சோதனை கெட்டது எனக் கொள்ளலாம். மீறலுக்குரிய காரணத்தை அவரே அளித்துவிட்டார் என்பதே அதன் பொருள். எதிரிலிருப்பவர் ‘விளையாடாத’ என்று சிரித்தால் அது தோல்வியன்று, அதுவே தரவு.

முடிவுரை

விதிமீறல் சோதனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லத்தக்க செய்முறை அன்று. நியூயார்க்கில் உடல் காக்கும் இடத்தை மதுரையில் பையும் அண்டை நிற்பவரின் சொல்லும் காக்கின்றன. இதை அறியாதவர் மீறலாகாத ஒன்றை மீறல் என எண்ணுவர். உண்மையான மீறலைக் காணத் தவறுவர். குலைவின்போது எழும் முதல் வினா ‘என்னாச்சு ஒனக்கு?’ என்பதா, ‘யார்ரா நீ?’ என்பதா என்று கேட்பதிலிருந்து மதுரை வட்டார ஆய்வு தொடங்க வேண்டும்.