கடன் குறையக் குறைய மாறும் தள்ளுபடி விகிதம்

சுங்கச் சாலைத் திட்டம் ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். முதலாண்டில் அதன் மதிப்பில் 70 சதவீதம் கடன், மீதி பங்கு முதலீடு. கடன் வட்டி 10 சதவீதம். 25 சதவீத வரிச் சலுகை போக 7.5. பங்குதாரர் எதிர்பார்ப்பது 20 சதவீதம். எடையிட்ட சராசரி 11.25 சதவீதம். அதுவே முதலாண்டின் தள்ளுபடி விகிதம்.

வசூலில் கடன் அடைந்து, இரண்டாமாண்டில் பங்கு பாதிக்குப் பாதி ஆகிறது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: எடையை மட்டும் மாற்றி, 20 சதவீதத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விகிதம் 13.75 ஆகத் தாவுகிறது. கடன் குறைந்தும் விகிதம் இவ்வளவு ஏறினால் சந்தேகப்பட வேண்டும். கடன் சுமை இறங்கியதால் பங்குதாரரின் ஆபத்தும் இறங்கி, அவர் எதிர்பார்ப்பு 16 சதவீதமாகிறது. சரியான விகிதம் 11.75. வரிச் சலுகை சுருங்கியதால் வந்த அரை சதவீத ஏற்றம்தான் உண்மையானது.

இரண்டாமாண்டில் வரும் 100 கோடியை முதலில் 1.1175 ஆலும், பிறகு முதலாண்டின் 1.1125 ஆலும் வகுக்க வேண்டும், 1.1175 ஆல் இருமுறை வகுப்பது தவறு. இன்றைய மதிப்பு சுமார் 80.44 கோடி. பங்கு விகிதத்தைத் திருத்தாதவருக்குக் கிடைப்பது 79.02 கோடி. இருபதாண்டு வசூலில் இந்த இடைவெளி, நல்ல சாலையையே நிராகரிக்க வைக்கும்.