வலது, இடது, வலது, வலது

வலது, இடது, வலது, வலது. அடுத்து இடது, வலது, இடது, இடது. பாரடிடில் என்பது இந்த எட்டு அடிகள்தான். பாஸ்டன் நகரின் டிரம் ஆசிரியர் ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 1935-இல் வெளியிட்ட ‘ஸ்டிக் கன்ட்ரோல்’ புத்தகத்தில் இது ஐந்தாவது பயிற்சியாகவே வந்துவிடுகிறது. ஒவ்வொரு பயிற்சியையும் நிறுத்தாமல் 20 முறை வாசிக்கச் சொல்கிறார் ஸ்டோன்.

ஒவ்வொரு நான்கில் முதல் அடியை மட்டும் ஓங்கி அடித்துப் பாருங்கள். வலது கை ஒரே அடியை இருமுறை அடிக்கும் நேரத்தில் இடது கைக்கு ஓய்வு கிடைக்கிறது. அந்த இடைவெளியில்தான் அது குச்சியை மேலே தூக்கி, அடுத்த ஓங்கிய அடிக்குத் தயாராகிறது. ஓங்கி அடித்த கையோ, குச்சியைத் தோலுக்கு இரண்டு அங்குல உயரத்திலேயே பிடித்து நிறுத்த வேண்டும்; அப்போதுதான் அதன் அடுத்த அடிகள் மெல்ல விழும். எப்போது தூக்குவது, எப்போது நிறுத்துவது என்று கை பழகிவிட்டால் வேகத்துக்கு வலு தேவைப்படாது.

இரட்டை அடியில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. முதல் அடியை மணிக்கட்டு தருகிறது. துள்ளி எழும் குச்சியை விரல்கள் உள்ளங்கைப் பக்கம் இழுக்கும்போது இரண்டாவது அடி விழுகிறது. ஒரு மணிக்கட்டு அசைவுக்கு இரண்டு அடிகள் என்பதால் கை களைப்பதில்லை. ஆனால் விரல்கள் சோம்பினால் இரண்டாவது அடி அமுங்கிப்போகும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பதிவைக் கேளுங்கள். எது எந்தக் கை என்று தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி. மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு அடிகளாகத் தொடங்குவது நல்லது. முன்கை இறுகினால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். இறுக்கத்தோடு பழகிய வேகம் மேடையில் இரண்டாவது பாட்டிலேயே கைவிட்டுவிடும்.

இனி இதை டிரம் செட்டுக்குக் கொண்டுபோவோம். வலது கையை ஹை-ஹாட்டிலும் இடது கையை ஸ்னேரிலும் வையுங்கள். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் நான்கு அடிகள். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகள் இடது கையில் தொடங்குவதைக் கவனியுங்கள். அந்த இரண்டை மட்டும் ஸ்னேரில் ஓங்கி அடித்து, மற்ற இடது அடிகளைக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்து, ஒன்றிலும் மூன்றிலும் கிக் டிரம்மை மிதித்தால் ராக் தாளம் வந்து நிற்கிறது! பயிற்சி அப்படியே பாட்டாக மாறும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் பிராக்டிஸ் பேடில் வந்த வேகத்தை மட்டும் நம்பக்கூடாது. ரப்பர் குச்சியைத் தாராளமாகத் துள்ளவிடும். தோல் தளர்ந்த ஃப்ளோர் டாம் துள்ளவிடாது. அங்கே இரண்டாவது அடியையும் மணிக்கட்டால்தான் அடித்தாக வேண்டும். அதற்காகவே பலர் தலையணை மேல் வைத்துப் பழகுகிறார்கள்.