லேப்டாப்பை நிரப்பும் பிரிவியூக்கள்

கல்யாண போட்டோ எடுப்பவர்கள் பலர் ரா ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில்தான் வைக்கிறார்கள். லேப்டாப்பில் இருப்பது லைட்ரூம் கிளாசிக்கும் அதன் கேட்டலாக்கும் மட்டும். ஆனாலும் ஒரு சீசன் முடிவதற்குள் லேப்டாப்பில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்துவிடுகிறது. கேட்டலாக் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும். `.lrcat` என்று முடியும் கேட்டலாக் சிறியதாகவே இருக்கும். பக்கத்தில் `Previews.lrdata` என்று ஒன்று பல பத்து ஜிபிக்கு வளர்ந்திருக்கும்.

ரா ஃபைலை ஒவ்வொரு முறையும் திறந்து காட்டுவதற்கு நேரமாகும். அதனால் லைட்ரூம் ஒவ்வொரு படத்துக்கும் ஜேபெக் நகல்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. திரை அளவுக்கானது ஸ்டாண்டர்ட் பிரிவியூ. முழு அளவில் பெரிதாக்கி, கண்ணில் ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கானது 1:1 பிரிவியூ. இடத்தைத் தின்பது இந்த இரண்டாவதுதான்.

ஒரு கல்யாணத்துக்கு 24 மெகாபிக்சல் கேமராவில் 3,000 படங்கள் என்று வையுங்கள். ஸ்டாண்டர்ட் பிரிவியூ படத்துக்குச் சுமார் 0.7 எம்பி என்றால் மொத்தம் 2 ஜிபி. 1:1 பிரிவியூ சுமார் 6 எம்பி என்றால் 18 ஜிபி. பட்டுப்புடவை, பூ அலங்காரம் என்று நுணுக்கம் அதிகமுள்ள படங்களுக்கு இது இன்னும் கூடும். 20 கல்யாணத்தின் 1:1 பிரிவியூக்களை அழிக்காமல் வைத்திருந்தால் 360 ஜிபி போய்விடும்.

ஆனால் 1:1 பிரிவியூ தேவைப்படுவது படங்களைத் தேர்ந்தெடுக்கும் சில நாட்களுக்குத்தான். `Catalog Settings` உள்ளே `File Handling` பகுதியில், ஒரு நாள், ஒரு வாரம், 30 நாள் கழித்து இவற்றைத் தானாக நீக்கச் சொல்லலாம். அங்கே `Never` என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்டாண்டர்ட் அளவை `Auto`வில் விட்டால் உங்கள் திரைக்கு ஏற்றபடி அதுவே அமைத்துக்கொள்ளும்.

2024இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து பிரிவியூக்களின் மொத்த அளவுக்கே வரம்பு வைக்கலாம். வரம்பைத் தொட்டால் பழையவை நீக்கப்படும். டிஸ்க்கில் எவ்வளவு காலி என்பதைவிட, கையில் எவ்வளவு வேலை என்பதைப் பார்த்து வரம்பு வையுங்கள். மேலே சொன்ன 20 கல்யாணத்தில் மூன்று இன்னும் எடிட்டிங்கில் இருந்தால் அவற்றுக்கு 54 ஜிபி, முடிந்த 17க்கு 34 ஜிபி. மொத்தம் 88. ஆக 100 ஜிபி போதும். அதையே 40 என்று இறுக்கினால், நீக்கியதைத் திரும்பத் திரும்ப உருவாக்குவதிலேயே நேரம் போகும்.

ஸ்மார்ட் பிரிவியூவின் கதை வேறு. லைட்ரூம் 5 வெளியான 2013இல் வந்த வசதி இது. நீண்ட பக்கம் 2,560 பிக்சல் கொண்ட, சுருக்கப்பட்ட டிஎன்ஜி ஃபைல். ஹார்ட் டிஸ்க்கைச் செருகாமலே இதை வைத்து எடிட் செய்யலாம். 14 ஜிபி வரக்கூடிய 500 ரா படங்களுக்கு ஸ்மார்ட் பிரிவியூ 400 எம்பிதான் என்று அடோபியே ஒரு கணக்குச் சொல்கிறது. நம் 3,000 படத்துக்கு இரண்டரை ஜிபிக்குள் அடங்கிவிடும். பயணத்தில் எடிட் செய்பவர்கள், கையில் இருக்கும் வேலைகளுக்கு மட்டும் இதை உருவாக்கி, ஆல்பம் கொடுத்ததும் `Discard Smart Previews` கொடுத்துவிடலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒரிஜினல் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்தால் 2,560 பிக்சலுக்கு மேல் கிடைக்காது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சுத் தரத்தில் அது எட்டரை அங்குலம்தான். 36 அங்குலம் விரியும் ஆல்பத் தாளில் முழுப் படமாகப் போட்டால் மங்கலாகத் தெரியும். நாய்ஸ், ஷார்ப்னெஸ் ஆகியவற்றையும் இதை நம்பி முடிவு செய்யக் கூடாது. ஹிஸ்டோகிராமுக்குக் கீழே `Smart Preview` என்று மட்டும் இருந்தால் ஒரிஜினல் கைக்கு எட்டவில்லை என்று பொருள். `Original + Smart Preview` என்று வந்த பிறகு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

இடம் அவசரமாக வேண்டுமென்றால், லைட்ரூமை மூடிவிட்டு `Previews.lrdata`வை நீக்கலாம். ஒரிஜினல்கள் இருக்கும்வரை அது மீண்டும் உருவாகும். ஆனால் `.lrcat` ஃபைலையும், `.lrcat-data` என்று முடியும் ஃபோல்டரையும் தொட்டுவிடாதீர்கள். பெயர் கேஷ் மாதிரி தோன்றினாலும், நீங்கள் செய்த எடிட்டிங்கும் மாஸ்க்குகளும் இருப்பது அவற்றில்தான்.