ஒன்றரை டிகிரி: மிச்சமிருக்கும் இடைவெளி

மத்தியான வெயிலில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடுத்தெருவில் நடப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்தான். ஊர்க்காரர்கள் அஞ்சடியில் நடப்பார்கள். கடைவீட்டின் மேல்மாடி வெளியே நீண்டு, அதன் அடியில் ஐந்தடி அகலத்துக்கு நிழல் விழும். சாலைக்கு பிட் ஸ்திரீட் என்று பெயர் இருந்த காலத்திலேயே வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்துச் செய்துவைத்த ஏற்பாடு அது.

அந்த வெயில் எவ்வளவு? பினாங்கில் பகல் உச்சம் ஆண்டு முழுக்க 32, 33 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். சென்னையில் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம். இங்கே மாதத்துக்கு மாதம் ஓரிரு டிகிரிதான். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டால் மலேசிய வானிலைத் துறை முதல்நிலை வெப்ப எச்சரிக்கை விடும். ஆக, வழக்கமான நாளுக்கும் எச்சரிக்கைக்கும் நடுவே இருப்பது இரண்டு மூன்று டிகிரி. பாரிஸ் ஒப்பந்தம் புவி வெப்ப உயர்வுக்கு வைத்த ஒன்றரை டிகிரி எல்லை என்பது அதில் பாதி.

இந்த ஒன்றரை டிகிரி உலகச் சராசரி. ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும். 1850 முதல் 1900 வரையிலான காலத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2024ஆம் ஆண்டு மட்டும் அதைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதலாக இருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அதனால் பாரிஸ் ஒப்பந்தத்தின் எல்லை தாண்டிவிட்டதாகப் பொருளில்லை. அதைப் பல ஆண்டுகளின் சராசரியில்தான் பார்க்க வேண்டும். ஆனால் உடம்பு சராசரியைப் பார்ப்பதில்லை. பழைய தட்பவெப்பத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், ஒன்றரை டிகிரியில் பத்தாண்டுக்கு நான்கு முறை வரும் என்பது ஐபிசிசியின் கணிப்பு. பினாங்கின் ஈரக் காற்றில் வேர்வை சீக்கிரம் காயாது. பகலில் சூடேறிய செங்கல்லும் தாரும் ராத்திரியில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். குளிரூட்டிகள் தம் பங்குக்குச் சந்துக்குள் அனலைத் தள்ளும்.

மழைக்கும் இதே கதைதான். ஒரு டிகிரி சூடேறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். ஒன்றரை டிகிரிக்குப் பத்து சதவீதம் என்று வையுங்கள். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். நூறு மில்லிமீட்டருக்குக் கட்டிய வடிகாலில் நூற்றுப்பத்து பெய்தால், முதல் நூறு ஓடிவிடும். மிச்சப் பத்து முழுவதும் தெருவில் நிற்கும். பினாங்கில் வடிகால் போய்ச் சேரும் இடம் கடல். கடல் ஏற்றத்தில் இருந்தால் அந்த நூறுகூடச் சரியாக ஓடாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் விடிய விடியக் கொட்டிய மழையில் பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஒரு மழைக்குப் புவி வெப்பமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட மழையில் நீரின் அளவு கூடும் என்பதைச் சொல்லலாம்.

இடைவெளி மிகக் குறைவாக இருப்பது பவளத்துக்குத்தான். பினாங்குக்கு வடக்கே, கெடா கரைக்கு அப்பால் இருக்கும் பாயார் தீவைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உண்டு. பவளப் பூச்சியின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருந்து வெளிச்சத்தில் உணவு சமைத்துக் கொடுக்கிறது. நிறமும் அதன் தயவுதான். கடல், தன் வழக்கமான உச்ச மாதச் சராசரியைவிட ஒரு டிகிரி சூடாகி அப்படியே நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும்.

விஞ்ஞானிகள் இதை வாரக் கணக்கில் கூட்டிப் பார்க்கிறார்கள். உச்ச மாதச் சராசரி 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கடல் 31 டிகிரியில் நான்கு வாரம் நின்றால் கணக்கு 4, வெளுப்பு தொடங்கும். எட்டு வாரம் நின்றால் 8, சாவு தொடங்கும். 32 டிகிரியானால் அந்த எட்டை நான்கே வாரத்தில் எட்டிவிடும். வெளுத்ததெல்லாம் செத்ததல்ல. சீக்கிரம் கடல் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். வெளுத்த கிளைமேல் பச்சையும் பழுப்புமாக இழைப்பாசி படர்ந்துவிட்டால் அது போனதுதான்.

முன்பெல்லாம் எல் நினோ வந்து கடலைச் சூடேற்றினாலும் அந்த எல்லையைப் பெரும்பாலும் தொடாது. இப்போது அடித்தளமே உயர்ந்துவிட்டதால் எளிதாகத் தாண்டுகிறது. 2010இல் பாயார், தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மூடினார்கள். நங்கூரமும் ஆள் நடமாட்டமும் தரும் தொந்தரவு அதனால் குறையும். தண்ணீரின் சூடு குறையாது.

ஒன்றரை டிகிரியில் உலகின் பவளத்திட்டுகளில் 70 முதல் 90 சதவீதம் போகும், இரண்டு டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேல் போகும் என்று 2018இல் ஐபிசிசி எழுதியது. காரணம் ஆண்டுகளில் இருக்கிறது. வேகமாக வளரும் கிளைப்பவளம் நிறைந்த திட்டுகூட மீண்டெழப் பத்தாண்டாவது வேண்டும். உலகளாவிய வெளுப்பு 1998இல் வந்தது, அடுத்தது 2010இல், பிறகு 2014இல் தொடங்கி மூன்றாண்டு நீடித்தது, நான்காவது 2023இல் தொடங்கியது.