பூங்கா பக்கத்தில்தான், வாசல் எங்கே?

2011 கணக்கெடுப்பின்படி சென்னையில் சுமார் 46 லட்சம் பேர். கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால், அந்த ஒரு காட்டாலேயே தலைக்கு அரை சதுர மீட்டருக்கு மேல் பசுமை வந்துவிடுகிறது. ராயபுரத்துச் சந்தில் இருப்பவர் பங்கும் அதில் உண்டு. ஆனால் அவர் மாலையில் காலாற நடந்து போக அது உதவாது.

அதனால்தான் நகரத் திட்டமிடுபவர்கள் வேறு விதமாக அளக்கிறார்கள். கணினி வரைபடத்தில் ஒவ்வொரு பூங்காவைச் சுற்றியும் 300 மீட்டருக்கு ஒரு வளையம் போடுவார்கள். இதற்கு ‘பஃபர்’ என்று பெயர். ஐந்து நிமிட நடை என்று கணக்கு. வளையத்துக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று எண்ணிப் பூங்காவின் பரப்பை அவர்களுக்குப் பங்கிட்டால், தலைக்கு எவ்வளவு என்பது தெரியும். ஒரு வார்டில் பாதிதான் வளையத்துக்குள் விழுந்தால், மக்கள்தொகையிலும் பாதியை எடுத்துக்கொள்வார்கள். பக்கத்துப் பக்கத்துப் பூங்காக்களின் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் ஒரே ஆளை இருமுறை எண்ணிவிடாமல் அவற்றை ஒன்றாக்கிவிட வேண்டும்.

100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர் பூங்கா ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சதுர கிலோமீட்டருக்கு 26,500 பேர் என்ற சென்னை நெரிசலில், அதன் வளையத்துக்குள் சுமார் 10,700 பேர் வருவார்கள். தலைக்கு ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது.

ஆனால் நாம் பறவை போலப் பறந்து போவதில்லை. பூங்காவைச் சுற்றி மதில். முன்பக்கம் ஒரே ஒரு வாசல். பின்மதிலை ஒட்டிய வீட்டுக்காரர் தெருவெல்லாம் சுற்றித்தான் உள்ளே வர வேண்டும். தெருக்கள் கட்டம் கட்டமாக இருப்பதாகக் கொண்டு, வாசலிலிருந்து தெரு வழியே 300 மீட்டர் அளந்தால், எட்டுபவர்கள் ஏறக்குறைய 4,400 பேர்தான்.

இங்கேதான் கவனம் வேண்டும். பூங்காவின் பரப்பு அதேதான். பங்கு கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். எனவே தலைக்கு 2.3 சதுர மீட்டர் என்று எண் உயர்ந்து நிற்கும்! வர முடியாதவர்கள் கூடக் கூட அறிக்கை அழகாகிறது. ஆகவே தலைக்கு எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும் அறிக்கையை நான் நம்புவதில்லை. எத்தனை பேர் எட்டுகிறார்கள், எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அதே பூங்காவின் பின்மதிலில் இன்னொரு வாசல் வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டால், எட்டுபவர்கள் சுமார் 6,000 ஆகிறார்கள். ஒரு சென்ட் நிலம்கூட வாங்காமல் 1,600 பேர் கூடுகிறார்கள். தலைக்கான அளவு 1.7 சதுர மீட்டராக இறங்குகிறது. அந்த இறக்கத்துக்குப் பயந்து வாசலை மூடி வைக்கக் கூடாது.