தோசை முதலா, சுட்டது முதலா?

‘அம்மா சுட்ட தோசை தீர்ந்தது.’ நான்கே சொற்கள். எந்தச் சொல் எதைச் சார்ந்து நிற்கிறது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தீர்ந்தது பயனிலை. தீர்ந்தது எது? தோசை. எந்தத் தோசை? சுட்ட தோசை. சுட்டது யார்? அம்மா. இந்த நான்கு பதில்களையும் கணினியிடமிருந்து வாங்குவதற்கு, 1960களில் மொழிக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் கண்டுபிடித்த ஒரு கணக்கு உதவுகிறது.

வாக்கியத்தைக் கணினி இப்படிப் பார்க்கிறது. ஒவ்வொரு சொல்லும் ஒரு புள்ளி. அவற்றோடு ‘வேர்’ என்று ஒரு வெற்றுப் புள்ளியையும் சேர்த்துக்கொள்கிறது. தலைமைச் சொல்லிலிருந்து அதைச் சார்ந்த சொல்லுக்கு ஓர் அம்பு போகும். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு விலை உண்டு. இலக்கணம் குறிக்கப்பட்ட வாக்கியங்களைப் பார்த்துப் பழகிய நிரல் இந்த விலைகளைப் போடுகிறது. இயல்பான உறவுக்கு விலை குறைவு, அபத்தமான உறவுக்கு அதிகம். வேரைத் தவிர ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரே ஓர் அம்புதான் நுழையலாம். வேரிலிருந்து கிளம்பினால் எல்லாப் புள்ளிகளையும் எட்ட வேண்டும். மொத்த விலை மிகக் குறைவாக இருக்க வேண்டும். இப்படி அமையும் திசை கொண்ட மரத்துக்கு ‘மினிமம் ஸ்பேனிங் ஆர்போரெசன்ஸ்’ என்று பெயர்.

எல்லா மரங்களையும் வரைந்து பார்த்துவிடலாமே என்றால், நான்கு சொல்லுக்கு 125 மரங்கள் வரும். சரி, பார்க்கலாம். பத்துச் சொல் வாக்கியத்துக்கோ 235 கோடியைத் தாண்டிவிடும்.

நம் வாக்கியத்துக்கு விளக்கத்துக்காகச் சில விலைகளைப் போட்டுப் பார்ப்போம். ‘தீர்ந்தது’ என்ற சொல்லுக்குள் நுழைய வேரிலிருந்து 2. ‘அம்மா’வுக்குள் நுழையச் ‘சுட்ட’விலிருந்து 2, ‘தீர்ந்தது’விலிருந்து 8. ‘சுட்ட’வுக்குள் ‘தோசை’யிலிருந்து 1, ‘தீர்ந்தது’விலிருந்து 6. ‘தோசை’க்குள் ‘சுட்ட’விலிருந்து 5, ‘தீர்ந்தது’விலிருந்து 7. மற்ற அம்புகளெல்லாம் இவற்றைவிட மிக விலை கூடியவை என்று வைத்துக்கொண்டு மறந்துவிடலாம்.

முதல் வேலை எளிது. ஒவ்வொரு சொல்லும் தனக்குள் நுழையும் அம்புகளில் மலிவானதைப் பிடித்துக்கொள்கிறது. 2, 2, 1, 5. மொத்தம் 10. எந்த மரமானாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அம்பு வந்தே தீர வேண்டும் என்பதால், 10-க்குக் கீழே எந்த விடையும் போக முடியாது. அந்தப் பத்திலேயே மரம் அமைந்துவிட்டால் வேலை முடிந்தது.

அமையவில்லை. பெயரெச்சமான ‘சுட்ட’ தனக்குத் தலைமை ‘தோசை’ என்கிறது. தோசை என்றாலே சுடுவதுதானே, அதனால் ‘தோசை’ தனக்குத் தலைமை ‘சுட்ட’ என்கிறது. இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன. ‘அம்மா’வும் ‘சுட்ட’வின் பின்னால் தொங்குகிறாள். வேரிலிருந்து இந்த மூவருக்கும் வழியே இல்லை.

இந்தச் சுழலை எங்காவது அறுத்தாக வேண்டும். எங்கே என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெளியிலிருந்து சுழலுக்குள் வரும் அம்புகள் இரண்டு: ‘சுட்ட’வுக்குள் வரும் 6, ‘தோசை’க்குள் வரும் 7. ஆறுதானே மலிவு என்று அதைப் பிடித்தால், ‘சுட்ட’ ஏற்கெனவே வைத்திருந்த 1 ரூபாய் அம்பைக் கைவிட வேண்டும். கூடுதல் செலவு 5. ஏழைப் பிடித்தால் ‘தோசை’ வைத்திருந்த 5 ரூபாய் அம்பு போகும். கூடுதல் செலவு 2 மட்டுமே. பழைய பொருளைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கும்போது கையிலிருந்து எவ்வளவு போகிறது என்றுதான் பார்ப்போம். ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை அல்ல. இங்கேயும் அதே கணக்கு.

ஆகவே செய்முறை இது. சுழலில் உள்ள சொற்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒற்றைப் புள்ளியாக்க வேண்டும். மூட்டைக்குள் வரும் ஒவ்வொரு அம்பின் விலையிலிருந்தும், அது போய் விழும் சொல் உள்ளே வைத்திருக்கும் அம்பின் விலையைக் கழிக்க வேண்டும். 6 என்பது 5 ஆகிறது, 7 என்பது 2 ஆகிறது. இப்போது வேர், தீர்ந்தது, மூட்டை, அம்மா என்று சின்னதாகிவிட்ட படத்தில் மறுபடியும் மலிவானவற்றைப் பிடிக்க வேண்டும். புதிய சுழல் வந்தால் மூட்டைக்கு மேல் மூட்டை. நம் வாக்கியத்தில் வரவில்லை.

பிறகு அவிழ்ப்பு. மூட்டைக்குள் வந்தது ‘தோசை’க்கான அம்பு என்பதால், ‘தோசை’யின் பழைய அம்பு போய் மற்றது நிலைக்கும். வேரிலிருந்து தீர்ந்தது, அங்கிருந்து தோசை, பிறகு சுட்ட, கடைசியில் அம்மா. 2, 7, 1, 2. மொத்தம் 12, அதாவது பத்தோடு கூடுதல் 2.

ஆறைப் பிடித்திருந்தால் 15 ஆகியிருக்கும். பொருளும் மாறியிருக்கும்: தீர்ந்தது தோசை அல்ல, சுடும் வேலை என்று கணினி படித்திருக்கும். திசையில்லாத வலைகளுக்குப் பிரிம் 1957-இல் வெளியிட்ட முறையை, வேரிலிருந்து மலிவான அம்பாகப் பிடித்து வளரும் அந்த வழியை, இங்கே அப்படியே ஓட்டினாலும் இந்தப் பதினைந்தில்தான் போய் நிற்கும். இருவழிச் சாலைக்குச் சரியான வழி ஒருவழிப் பாதையில் ஏமாற்றிவிடுகிறது.

மூட்டை கட்டும் உத்தியைச் சீனாவின் சூ, லியூ இருவரும் 1965-இல் வெளியிட்டார்கள். 1967-இல் ஜாக் எட்மண்ட்ஸ் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். மொழி ஆய்வுக்கு இது வந்தது 2005-இல். மெக்டொனால்டும் அவருடைய சகாக்களும் செக் மொழி வாக்கியங்களுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். செக்கில் சொற்கள் இடம் மாறி உட்காரும். அம்புகளை வரைந்தால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அவர்கள் எடுத்துக்கொண்ட தொகுப்பில் கிட்டத்தட்ட 23 விழுக்காடு வாக்கியங்களில் அப்படி ஓர் அம்பாவது இருந்தது. அம்புகள் வெட்டிக்கொள்ளாது என்று நம்பிய பழைய முறைகளால் இந்த வாக்கியங்களைச் சரியாகப் படிக்க வழியில்லை. இந்த மரக் கணக்கோ சொற்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்றே கேட்பதில்லை. அதே செக் நாட்டுப் பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில்தான் 600 தமிழ் வாக்கியங்களுக்கும் இத்தகைய சார்பு மரங்கள் குறிக்கப்பட்டன.

எழுதிப் பார்ப்பவர்களுக்குக் கட்டுவதைவிட அவிழ்ப்பதில்தான் தவறு வரும். ‘அம்மா’வின் தலைமை ‘மூட்டை’ என்று மட்டும் குறித்து வைத்தால், அவிழ்த்த பிறகு அது சுட்டவா தோசையா என்று தெரியாது. ஒவ்வொரு அம்புக்கும் அதன் பழைய இரு முனைகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இது கற்றுக்குட்டிகளின் தவறு மட்டுமல்ல. டார்ஜன் 1977-இல் எழுதிய வேகமான வடிவத்தில், கடைசியில் மரத்தை மீட்டெடுக்கும் பகுதியை இத்தாலியர்கள் மூவர் 1979-இல் திருத்த வேண்டியிருந்தது. விடை சரிதானா என்று பார்க்க, ஒவ்வொரு சொல்லிலிருந்தும் தலைமை, அதன் தலைமை என்று மேலே ஏறினால் போதும். வேரை எட்டாமல் சுற்றினால் அவிழ்ப்பில் கோளாறு. மொத்த விலையும் முதல் சுற்றுத் தொகையும், ஒவ்வொரு மூட்டைக்கும் கொடுத்த கூடுதலும் சேர்ந்த எண்ணுக்குச் சமமாக வர வேண்டும்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்குக்குத் தெரியாது. வாக்கியத்துக்குத் தலைமைப் பயனிலை ஒன்றுதான் என்பது இலக்கணத்தின் விதி. மரத்தின் விதி அல்ல. வேரிலிருந்து ‘தோசை’க்குப் போகும் அம்பு 6 என்று இருந்திருந்தால், கூடுதல் செலவு 1 தான் என்று கணினி அதையே பிடித்திருக்கும், வேரில் ‘தீர்ந்தது’ ஒரு கிளை, ‘தோசை’ இன்னொரு கிளை என்று வாக்கியம் இரண்டாகப் பிளந்திருக்கும். அதைத் தடுக்க, வேரிலிருந்து கிளம்பும் எல்லா அம்புகளின் விலையையும் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். ஓர் அம்பையாவது வாங்கியே ஆக வேண்டும் என்பதால் கணினி ஒன்றை வாங்கும். இரண்டாவதன் பக்கம் திரும்பாது.