புதிர்ப்பாதையில் குறுக்குவழி

எட்வர்ட் மூர் 1959-இல் வெளியிட்ட முறை இது. தொடங்கும் கட்டத்தில் 0 எழுதுங்கள். பக்கத்தில் ஒட்டிய திறந்த கட்டங்களில் 1, அடுத்து 2 என்று எண்களைப் பரப்புங்கள்.

மூன்றுக்கு மூன்று கட்டம். மேல்வரிசை நடுவில் மட்டும் சுவர். மேல் இடமூலையிலிருந்து மேல் வலமூலைக்குப் போக வேண்டும். கீழே இறங்கினால் 1. அங்கிருந்து நடுக்கட்டமும் கீழ் இடமூலையும் 2. நடுவின் வலப்பக்கமும் அடிப்பக்கமும் 3. வலப்பக்கத்திலிருந்து மேலேறினால் இலக்கு: 4 அடி.

கணினி கட்டங்களை வரிசையில் நிறுத்தி, முதலில் வந்ததையே முதலில் எடுக்கிறது. நடுவின் அடிக்கட்டத்துக்கு இரு வழிகள் உண்டு. வரிசையில் சேர்க்கும்போதே எண் எழுதாவிட்டால் அது இருமுறை சேர்ந்துவிடும். இலக்கிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாகக் குறையும் கட்டங்கள் வழியே திரும்பினால் பாதை கிடைக்கும். வரிசை காலியாகியும் இலக்குக்கு எண் வரவில்லையென்றால் வழியே இல்லை.